அந்த அட்டவணையில் என் மாமா எங்கே? உலகமயமாக்கல் தரவுக் கேள்விக்குப் பதில் எழுதும் முறை

பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை காலைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குப் பொருளியல் டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் தேர்வை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறார்கள். ஆனால் முதல் தடவை ஒரு விஷயம் புரிய வேண்டுமென்றால் தமிழில் சொன்னால்தான் முகம் தெளிகிறது. அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

கேள்வி இப்படி வரும்: ஓர் அட்டவணை, அதன் கீழே இரண்டு மூன்று பத்தி செய்தி. "உலகச் சந்தைக்குத் திறந்துவிட்டதால் விவசாயிகள், தொழிலாளர்கள், நுகர்வோர் ஆகியோர் அடைந்த நன்மையையும் இழப்பையும் தரவின் துணையோடு ஆராய்க." புதிதாகப் படிக்கிறவர்கள் அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனப்பாடம் செய்த நான்கு நன்மை, நான்கு தீமையைக் கொட்டிவிடுவார்கள். எண் ஒன்றுகூட விடைத்தாளில் இருக்காது. அட்டவணையே இல்லாமல் எழுதக்கூடிய பதிலுக்குத் தரவுக் கேள்வியில் மதிப்பெண் குறைவுதான்.

ஒரு பயிற்சிக் கேள்வியை முழுதாகச் செய்து காட்டுகிறேன். இந்த எண்கள் உண்மையான எந்த நாட்டுடையதும் அல்ல. கணக்கு எளிதாக வரும்படி வகுப்புக்காக நானே அமைத்தவை. அரிசி இறக்குமதியை முழுதாகத் தடுத்து வைத்திருந்த ஒரு சிறிய நாடு, அதைத் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

| ஒரு டன் அரிசியின் விலை (ரிங்கிட்) | மக்கள் வாங்கும் அளவு (ஆண்டுக்கு, ஆயிரம் டன்) | உள்நாட்டில் விளையும் அளவு (ஆண்டுக்கு, ஆயிரம் டன்) |
|---|---|---|
| 2,800 | 100 | 100 |
| 2,400 | 110 | 80 |
| 2,000 | 120 | 60 |

கூடவே உள்ள செய்தி: உலக விலை டன்னுக்கு 2,000 ரிங்கிட். நாட்டில் 20 லட்சம் மக்கள், அவர்களில் நெல் பயிரிடும் குடும்பங்கள் 16,000. நெல்லை விளைவித்து, அரைத்து, சந்தைக்குக் கொண்டுவரும் செலவில் நான்கில் ஒரு பங்கு கூலி.

முதலில் அலகைப் பாருங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் நெடுவரிசைத் தலைப்பில் உள்ள அலகைச் சுற்றி வட்டம் போடுங்கள். இங்கே விலை ரிங்கிட்டில், அளவு ஆயிரம் டன்னில். இரண்டையும் பெருக்கினால் வரும் விடை ஆயிரம் ரிங்கிட்டில் இருக்கும். 88,000 என்று வந்தால் அது 88,000 ரிங்கிட் அல்ல, 8 கோடியே 80 லட்சம் ரிங்கிட், அதாவது 88 மில்லியன். கணக்கெல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்த இடத்தில் மூன்று பூஜ்யத்தைத் தொலைக்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். தப்பு நடந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விடையை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். 88,000 ரிங்கிட்டை 20 லட்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4 சென் வரும். ஒரு டன்னில் 800 ரிங்கிட் குறைந்த அரிசி, ஒருவருக்கு ஒரு வருஷத்தில் 4 சென்தான் மிச்சப்படுத்தியது என்றால் நம்ப முடியுமா? அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, எந்த வரி முன்பு, எந்த வரி பின்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். வாங்குவதும் விளைவதும் சமமாக இருக்கும் வரி 2,800. இறக்குமதி இல்லாத நிலை அதுதான். 2,000 என்பது திறந்துவிட்ட பிறகு. அப்போது 120 வாங்குகிறார்கள், 60 விளைகிறது, மீதி 60 ஆயிரம் டன் கப்பலில் வருகிறது. நடுவில் உள்ள 2,400 எதற்கு என்று இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

நுகர்வோர்

விலை 800 ரிங்கிட் இறங்கியது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த 100 ஆயிரம் டன்னுக்கும் முழு 800 லாபம். புதிதாக வாங்கும் 20 ஆயிரம் டன்னுக்கு முழு 800 கிடையாது. ஏனென்றால் 2,800-க்கு அது வேண்டாம் என்று விட்டவர்கள், விலை இறங்க இறங்கத்தான் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். சராசரியாகப் பாதி லாபம் என்று வைக்கிறோம். அதனால் சூத்திரம், இரண்டு அளவுகளின் சராசரி பெருக்கல் விலை வித்தியாசம்:

```
800 × (100 + 120) / 2 = 88,000
```

88 மில்லியன் ரிங்கிட். பாடப்புத்தகம் இதை நுகர்வோர் உபரியில் ஏற்பட்ட கூடுதல் என்று சொல்லும். ஆளுக்கு ஆண்டுக்கு 44 ரிங்கிட்.

விவசாயிகள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். முன்பு 100 ஆயிரம் டன்னை 2,800-க்கு விற்றார்கள், வருமானம் 280 மில்லியன். இப்போது 60 ஆயிரம் டன்னை 2,000-க்கு விற்கிறார்கள், 120 மில்லியன். "விவசாயிகள் 160 மில்லியன் இழந்தார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

160 மில்லியன் குறைந்தது உண்மை. ஆனால் அது விற்பனை வருமானம். விளைவிக்காத 40 ஆயிரம் டன்னுக்கு இனி உரமும் டீசலும் கூலியும் தேவையில்லை. அந்தச் செலவைக் கழித்துவிட்டுத்தான் கையில் நின்றிருக்க வேண்டிய பணம் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும். அதற்கும் அதே சராசரி முறைதான்:

```
800 × (100 + 60) / 2 = 64,000
```

64 மில்லியன். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,000 ரிங்கிட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: வாங்குகிறவர் ஒருவருக்கு 44, பயிரிடும் ஒரு குடும்பத்துக்கு 4,000. மொத்தத்தில் நாட்டுக்கு 24 மில்லியன் கூடுதல்தான். ஆனால் 44 ரிங்கிட் மிச்சமானதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், 4,000 ரிங்கிட் போன வீட்டில் அந்த வருஷம் பள்ளிச் சீருடை வாங்குவதே பேச்சாகிவிடும். லாபம் பரவிக் கிடக்கிறது, நட்டம் ஓரிடத்தில் குவிகிறது என்று நூறு வார்த்தையில் எழுதுவதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இன்னொன்று. 'விவசாயி' என்று ஒற்றை ஆளாக எழுதாதீர்கள். சொந்த நிலத்தில் பயிரிடுகிறவர் ஒருவர், குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறவர் இன்னொருவர். நெல் விலை விழுந்தால் நாளடைவில் குத்தகையும் விழும். அப்போது நட்டத்தின் ஒரு பகுதி நிலச் சொந்தக்காரரிடம் போய்ச் சேரும். அதேபோல ஏற்றுமதிப் பயிர் போடுகிறவருக்கு எல்லாம் தலைகீழ். மலேசியாவில் செம்பனை பயிரிடும் சிறுதோட்டக்காரர் உலக விலையில் விற்கிறார். அது ஏறினால் அவருக்கு லாபம், சமையல் எண்ணெய் வாங்கும் நமக்கு நட்டம். ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயை 2 ரிங்கிட் 50 சென்னுக்கு வைத்திருக்க அரசாங்கம் மானியம் கொடுப்பது அதனால்தான்.

தொழிலாளர்கள்

இந்தக் கணக்கைச் செய்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி கை தூக்கினாள். அவளுடைய மாமா அரிசி ஆலைக்கு நெல் ஏற்றும் லோரி ஓட்டுகிறார்.

"சார், வாங்குறவங்க ஒரு கட்டம், விவசாயி ஒரு கட்டம். எங்க மாமா எந்தக் கட்டத்துல இருக்காரு?"

பலகையில் வரைந்திருந்த தேவை, அளிப்புக் கோட்டு வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தேன். உபரிக் கட்டங்கள் எதிலும் அவர் இல்லை. அன்றைக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்து, அடுத்த வாரம்தான் சொன்னேன். அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை அந்தக் கேள்வியை வைத்தே நடத்துகிறேன்.

வருமானம் குறைந்தது 160 மில்லியன். விவசாயிகளின் உண்மையான இழப்பு 64. நடுவில் 96 மில்லியன் எங்கே போனது? அது அந்த 40 ஆயிரம் டன்னுக்கு ஆகியிருக்க வேண்டிய செலவு. அளிப்புக் கோட்டின் கீழே இருக்கும் பரப்பு:

```
40 × (2000 + 2800) / 2 = 96,000
```

விவசாயிக்கு இது மிச்சமான செலவு. ஆனால் ஒருவருடைய செலவு இன்னொருவருடைய வருமானம். இந்த 96 மில்லியனில்தான் உரக்கடைக்காரர் இருக்கிறார், அறுவடை இயந்திரக்காரர் இருக்கிறார், ஆலையில் மூட்டை தைக்கிறவர் இருக்கிறார், லோரி ஓட்டும் மாமாவும் இருக்கிறார். செய்தியில் கூலி நான்கில் ஒரு பங்கு என்று சொல்லியிருக்கிறது. அப்படியானால் 24 மில்லியன் ரிங்கிட் கூலி.

அந்த 24-ஐ மறுபடி பாருங்கள். நாட்டுக்கு மொத்தத்தில் கூடியது என்று மேலே எழுதினோமே, அதே 24.

வரைபடம் சொல்லாமல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. வேலை போனவர்கள் உடனே வேறிடத்தில் அதே சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுகிறார்கள் என்கிறது. அது நடந்தால் தொழிலாளர் இழப்பு பூஜ்யம், நாட்டின் கூடுதல் 24 மில்லியன் அப்படியே நிற்கும். பாதிப்பேருக்கு மட்டும் அப்படி வேலை கிடைத்து, மீதிப்பேர் வருஷம் முழுக்க வீட்டில் இருந்தால் 12 மில்லியன் கூலி போகிறது, கூடுதல் 12 ஆகச் சுருங்குகிறது. யாருக்குமே கிடைக்காவிட்டால் அந்த வருஷத்துக் கணக்கில் நாட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆக, இந்தக் கேள்வியின் முடிவைத் தீர்மானிப்பது விலை மட்டும் இல்லை, வேலை போனவர் எவ்வளவு சீக்கிரம், எந்தச் சம்பளத்தில் திரும்பச் சேர்கிறார் என்பதும்தான். செய்திப் பகுதியில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. 160 மில்லியன் வருமான இழப்பு என்று எழுதிவிட்டு, அதோடு 24 மில்லியன் கூலி இழப்பையும் கூட்டாதீர்கள். கூலி அந்த 160-க்குள்ளேயே இருக்கிறது. ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். 64-உம் 24-உம் தனித்தனி. அவற்றைக் கூட்டலாம்.

திறந்துவிட்டதால் வேலை பெற்றவர்களையும் எழுத வேண்டும். பினாங்கில் அதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. இன்டெல், ஹிட்டாச்சி, போஷ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் முதல் வரிசையில் வந்தன. அந்தத் தொழிற்சாலைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். உலகமயமாக்கலின் லாபம் என்று எழுதத் தகுந்த வேலைகள்தான் அவை. ஆனால் ஐம்பது வயதில் ஆலை லோரியை விட்டு இறங்குகிறவருக்கு அந்த வேலை கிடைக்குமா? புதிய வேலை பெறுகிறவரும் பழைய வேலையை இழக்கிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வயது, வேறு வேறு ஊர். இதை ஒரு வாக்கியமாக எழுதினால் போதும், எண்களைப் புரிந்துதான் எழுதுகிறீர்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

நடு வரி

2,400 என்ற வரி சுங்க வரிக்காக. டன்னுக்கு 400 ரிங்கிட் வரி போட்டால் உள்நாட்டு விலை அங்கே நிற்கும். 2,000-இல் இருந்து பார்த்தால் நுகர்வோர் இழப்பு 46 மில்லியன், விவசாயிகளுக்குத் திரும்பக் கிடைப்பது 28, அரசாங்கத்துக்கு வரி வசூல் 12. அதே சராசரி முறையில் நீங்களே போட்டுப் பாருங்கள். வசூலை மட்டும் கவனமாகப் போடுங்கள். வரி விழுவது இறக்குமதியாகும் 30 ஆயிரம் டன்னுக்குத்தான், மக்கள் வாங்கும் 110-க்கு இல்லை. மீதி 6 மில்லியன் யாருக்கும் சேராமல் வீணாகிறது.

உண்மையான எண்களில் ஒரு தடவை

பயிற்சி எண்கள் ஒழுங்காக நடந்துகொள்ளும். உண்மைச் சந்தை அப்படி இல்லை. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. மலேசியாவில் அரிசி இறக்குமதி உரிமை பெர்னாஸ் நிறுவனம் ஒன்றிடம் மட்டுமே இருக்கிறது. அது அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டில் இருந்து 3,200-க்கு உயர்த்தியது.

முதல் வேலை சதவீதம். வித்தியாசம் 850, அதைப் பழைய விலையான 2,350-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 36 சதவீதம். 3,200-ஆல் வகுத்து 27 என்று எழுதுகிறவர்களும் உண்டு, 3,200-ஐ 2,350-ஆல் வகுத்து 136 சதவீதம் ஏறியது என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. அத்துடன் இது கிடங்கு விலை. கடையில் நீங்கள் கொடுக்கும் விலை அதே 36 சதவீதம் ஏறியது என்று இந்தத் தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, நம் வரைபடத்தை இதில் பொருத்துவது. உலக விலை ஏறினால் இறக்குமதி செய்யும் நாட்டில் நுகர்வோருக்கு நட்டம், விவசாயிக்கு லாபம், மொத்தத்தில் நாட்டுக்கு நட்டம். பாடப்புத்தகம் அதோடு நிறுத்தும். ஆனால் இங்கே உள்நாட்டு வெள்ளை அரிசிக்குக் கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்ற உச்சவிலை இருந்தது, அது மாறவில்லை. கிடங்கிலேயே கிலோ 3 ரிங்கிட் 20 சென் ஆகிவிட்ட இறக்குமதி அரிசியை விட்டுவிட்டு எல்லாரும் உள்நாட்டு அரிசியைத் தேடினார்கள். கடைகளில் 26 ரிங்கிட் பத்துக் கிலோப் பை காணாமல் போனது. அப்போது என் அம்மா மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு வந்து, "விலை எல்லாம் அப்படியேதான்டா எழுதி ஒட்டியிருக்கான், அரிசியைத்தான் காணோம்" என்றார். உச்சவிலை பற்றி நான் வகுப்பில் அரை மணி நேரம் சொல்வது அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆக, விலை மாறவில்லை என்று அட்டவணை காட்டினால், நுகர்வோருக்கு நட்டமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பொருள் கிடைத்ததா என்றும் கேளுங்கள்.

அந்தத் தடையை இந்தியாவின் பக்கத்தில் இருந்தும் ஒரு வாக்கியம் எழுதலாம். அரிசி வெளியே போகாமல் நின்றால் அங்கே உள்ளூர் விலை அடங்கும். அங்கே வாங்குகிறவருக்கு லாபம், நல்ல விலைக்கு விற்றிருக்கக்கூடிய அங்குள்ள விவசாயிக்கு நட்டம். அதே தடை, இரண்டு நாடுகளில் எதிரெதிரான ஆட்களைத் தாக்குகிறது.

முடிவுரையை எழுதும் விதம்

"உலகமயமாக்கலில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று முடிக்காதீர்கள். அது கேள்வியைத் திருப்பிச் சொல்வது. ஒரு பக்கம் சாயுங்கள், சாய்வதற்கு நிபந்தனை வையுங்கள், நிபந்தனைக்கு எண் கொடுங்கள். மேலே செய்த கேள்விக்கு அந்த மாணவி எழுதிய கடைசிப் பத்தியைத் தமிழில் தருகிறேன். நான் திருத்தியது ஒரே ஒரு அலகைத்தான்:

"இறக்குமதியைத் திறந்ததால் நுகர்வோர் 88 மில்லியன் ரிங்கிட் லாபம் பெற்றனர், விவசாயிகள் 64 மில்லியன் இழந்தனர். மொத்தக் கூடுதல் 24 மில்லியன். ஆனால் விளைச்சல் குறைந்ததால் நின்றுபோன கூலியும் 24 மில்லியன். எனவே வேலை இழந்தவர்களில் ஒரு பகுதியினராவது ஓராண்டுக்குள் வேறு வேலைக்குப் போனால்தான் அந்த ஆண்டில் நாட்டுக்கு லாபம் என்று சொல்லலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர்கள் வேலைக்குத் திரும்பத் திரும்ப லாபம் கூடும். எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற விவரம் தரவில் இல்லை. அது இருந்தால் என் முடிவு மாறலாம்."

பத்தியை வாசித்துவிட்டு, மாமா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று இப்போது தெரிகிறதா என்று கேட்டேன். தாளின் ஓரத்தில் அளிப்புக் கோட்டின் கீழே, 60-க்கும் 100-க்கும் நடுவில் பென்சிலால் சின்னதாக ஒரு லோரி வரைந்து வைத்திருந்தாள்.